ராத்திரி எட்டரைக்குக் குடிச்ச எனர்ஜி டிரிங்க்... பதினோரு மணிக்கு உடம்பில் எவ்வளவு மிச்சம்? பிள்ளைகளின் காஃபின் கணக்கு

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் டியூஷன் சென்டர் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வழக்கமான கூல் டிரிங்க்ஸோடு எனர்ஜி டிரிங்க் பாட்டில்களும் வரிசை கட்டி நிற்கும். சில பிராண்டுகள் 20 ரூபாய்க்கே கிடைப்பதால் பாக்கெட் மணியிலேயே வாங்கிவிடலாம். டியூஷன் முடித்து வரும் பையன்கள் ஆளுக்கொன்று வாங்கி, சைக்கிளில் சாய்ந்தபடியே குடித்துவிட்டு, 'இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் படிச்சிடலாம்டா' என்று கிளம்புவார்கள்.

வீட்டிலோ நிலைமை வேறு. 'சின்னப் பசங்களுக்கு காபி எதுக்கு, கறுத்துப் போயிடுவ' என்று மிரட்டும் அதே வீட்டில்தான், பரீட்சை நேரம் வந்ததும் அம்மாவே ஃபிளாஸ்க்கில் டீ போட்டு மேஜை மேல் வைப்பார். காபி குடித்தால் கறுப்பதில்லை, அது சும்மா பயமுறுத்தல். ஆனால், பிள்ளைகளுக்கு அளவு வேண்டும் என்பது மட்டும் உண்மை. அந்த அளவு எவ்வளவு? டீ, காபி, எனர்ஜி டிரிங்க் மூன்றிலும் இருக்கிற காஃபினை எப்படிக் கூட்டிப் பார்ப்பது? ராத்திரித் தூக்கத்தை அது எந்த இடத்தில் பிடிக்கிறது?

பெரியவர்களுக்கு ஒரு அளவு, பிள்ளைகளுக்கு வேறு கணக்கு

முதலில் பெரியவர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆரோக்கியமான ஒருவர் நாள் முழுக்கச் சேர்த்து 400 மில்லிகிராம் வரை காஃபின் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் என்றால் 200 மில்லிகிராம் வரை. நம் ஊரில் அளவு இன்னும் கொஞ்சம் கறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், தினமும் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கின்றன.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐரோப்பிய ஆணையம் சொல்வது 200 மில்லிகிராம். இதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபினைக் கரைக்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மற்றவர்களுக்கு ஐந்து மணி நேரத்தில் பாதியாகிற காஃபின், அவர்களுக்குப் பாதியாக 15 மணி நேரம் வரைகூட ஆகலாம்.

பிள்ளைகளுக்கு 'ஒரு நாளைக்கு இத்தனை கப்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எடையை வைத்துத்தான் கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் அளவு. கனடாவின் சுகாதாரத் துறை அதையும் 2.5 ஆகக் குறைத்திருக்கிறது. 20 கிலோ எடையுள்ள ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு, ஐரோப்பியக் கணக்கில் நாள் முழுக்கவே 60 மில்லிகிராம்தான். 30 கிலோ எடையுள்ள ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு 90. 45 கிலோ எடையுள்ள பத்தாம் வகுப்பு மாணவருக்கு 135.

ஒன்றை மறக்கக் கூடாது. இவ்வளவு குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதைத் தாண்டினால் படபடப்பு, பதற்றம் போன்ற தொல்லைகளுக்கு வாய்ப்பு உண்டு என்பதற்கான எல்லைக்கோடு இது. தூக்கம் கெடுவதற்கு இந்தக் கோடு வரை போக வேண்டியதே இல்லை. அதற்குத் தனியாக ஒரு கோடு இருக்கிறது, பின்னால் பார்ப்போம்.

நம்ம வீட்டு டம்ளரில் எவ்வளவு?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தரும் கணக்கு இது: 150 மில்லி டிகாஷன் வகைக் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும்.

இதை அப்படியே நம்ம வீட்டு ஃபில்டர் காபிக்குப் பொருத்தினால் கணக்கு கொஞ்சம் இடிக்கும். காரணம் சிக்கரி. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. அதில் காஃபின் கிடையாது. அதனால், காபியில் எவ்வளவு சிக்கரி கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து டம்ளரின் காஃபின் அளவு மாறும். பாக்கெட்டின் மேலேயே 'காபி இவ்வளவு சதவீதம், சிக்கரி இவ்வளவு சதவீதம்' என்று அச்சிட்டிருப்பார்கள்.

ஒரு வீட்டில் நாலு பேருக்கு 20 கிராம் பொடி போட்டு டிகாஷன் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 கிராம். பொடி 60-க்கு 40 கலவை என்றால் அதில் உண்மையான காபி 3 கிராம்தான். அரபிகா கொட்டையில் காஃபின் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக, காஃபின் முழுசாக இறங்கினாலும் அந்த டம்ளரில் அரபிகா என்றால் 36 மில்லிகிராம், ரொபஸ்டா என்றால் 66 வரை. இரண்டும் கலந்த பொடியில் 50-க்குப் பக்கமாக வரும். அதே 5 கிராம், சிக்கரி கலக்காத ப்யூர் காபி என்றால் 60-லிருந்து 110 வரை போகும். 'எங்க வீட்ல ப்யூர் காபிதான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள், பிள்ளைக்கு ஊற்றும்போது மட்டும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

'குழந்தைக்கு ரெண்டாவது டிகாஷன்தான் கொடுக்கிறோம்' என்று சொல்லும் பாட்டிகளின் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. காஃபின் வெந்நீரில் சுலபமாகக் கரையும். பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடும்; இரண்டாவதில் நிறமும் கசப்பும் இருந்தாலும் காஃபின் குறைவுதான். ஆனால் பால் அதிகம் ஊற்றினால் காஃபின் குறைந்துவிடும் என்பது தவறு. டிகாஷனின் அளவு மாறாத வரை, பால் எவ்வளவு ஊற்றினாலும் காஃபின் அதேதான்.

டீக்கடை டீ கண்ணாடி கிளாஸில் 100 மில்லிக்குப் பக்கம்தான் இருக்கும். அதனால் ஒரு கிளாஸில் 20 முதல் 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்றால் மேல் எல்லைக்குப் போகும்.

அடுத்து எனர்ஜி டிரிங்க். இதில் வீட்டுக்கு வீடு, கைக்குக் கை மாறும் சிக்கல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, 'காஃபின் கலந்த பானம்' என்ற வகையில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம்தான் இருக்கலாம். பெரும்பாலான எனர்ஜி டிரிங்குகள் இந்த உச்சத்தை ஒட்டியே தயாராகின்றன. லேபிளில் 100 மில்லிக்கு 29 அல்லது 30 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் இருக்கும். 250 மில்லி என்றால் 75 மில்லிகிராம்.

'அப்போ ஃபில்டர் காபியை விட ரொம்ப அதிகம் இல்லையே' என்று கேட்கலாம். எண்ணிக்கையில் அப்படித்தான். ஆனால் சூடான காபியை ஒரு பிள்ளை ஊதி ஊதித்தான் குடிக்கும். கசப்பும் ஒரு அளவோடு நிறுத்திவிடும். எனர்ஜி டிரிங்க் ஜில்லென்று, இனிப்பாக இருக்கும். ரெண்டு நிமிஷத்தில் பாட்டில் காலி. தாகத்துக்குக் குடிப்பதுபோல் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்கும். தவிர, காபி எவ்வளவு போகிறது என்று வீட்டில் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார். பெட்டிக்கடையில் குடிப்பதை யார் எண்ணப் போகிறார்கள்?

கோலா பானங்களில் இதைவிடக் குறைவு. 300 மில்லியில் 30 மில்லிகிராமுக்குப் பக்கம் இருக்கும். பலரும் கவனிக்காத இன்னொரு இடம் மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கிற சில தலைவலி மாத்திரைகளில் வலி நிவாரணியோடு 50 மில்லிகிராம் காஃபினும் சேர்ந்திருக்கும். ராத்திரி கண்விழித்துப் படித்துத் தலைவலி வந்து அதைப் போட்டால், அதுவும் கணக்கில் சேரும்.

தூக்கம் வராமல் போவது எப்படி?

நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அது மூளை செல்களில் தனக்கென்று இருக்கிற ஏற்பிகளில் போய் உட்காரும். உட்கார உட்கார மூளையின் வேகம் தணிந்து கண் சொக்கும். தூங்கி எழுந்தால் அடினோசின் குறைந்திருக்கும். பளிச்சென்று இருக்கிறோம் என்று காலையில் தோன்றுவது இதனால்தான்.

காஃபினின் வடிவம் அடினோசினுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அது உள்ளே வந்ததும் அந்த ஏற்பிகளில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்ளும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் அடினோசின் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. சோர்வு அப்படியே இருக்கும், அது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதனால்தான் எனர்ஜி டிரிங்கில் இருக்கிற 'எனர்ஜி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. காஃபின் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. தூக்கக் கடனைத் தள்ளிவைக்கிறது. காஃபின் கரைந்ததும், அதுவரை வெளியே காத்திருந்த அடினோசின் மொத்தமும் வந்து உட்காரும். எனர்ஜி டிரிங்க் குடித்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து வரும் அடித்துப்போட்டது போன்ற அசதி அதுதான்.

குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் காஃபின் உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு கல்லீரல் அதை மெதுவாக உடைக்கும். இருக்கிற அளவு பாதியாகக் குறைய, சராசரியாக ஐந்து மணி நேரம். இது ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். சிலருக்கு இரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும், சிலருக்கு ஒன்பது மணி நேரம்கூட ஆகும். மரபணு இதில் முக்கியம். புகைப்பவர்களுக்குச் சீக்கிரம் கரையும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மெதுவாகக் கரையும்.

ஒரு பத்தாம் வகுப்பு மாணவரின் ஒரு நாள்

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவர், எடை 45 கிலோ. காலை 6 மணிக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, 50 மில்லிகிராம். சாயங்காலம் நாலரைக்குப் பள்ளி விட்டு வந்ததும் ஒரு டீ, 35 மில்லிகிராம். ராத்திரி எட்டரைக்கு டியூஷன் முடிந்து ஒரு 250 மில்லி எனர்ஜி டிரிங்க், 75 மில்லிகிராம். மூன்றையும் கூட்டினால் 160. இவருடைய எடைக்கு எல்லை 135. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய அளவு இல்லை. சேர்த்துப் பார்த்தால் தாண்டிவிட்டது.

சரி, பதினோரு மணிக்குப் படுக்கப் போகிறார். அப்போது உடம்பில் எவ்வளவு இருக்கும்? ஐந்து மணி நேரத்துக்குப் பாதி என்ற கணக்கில் போடுவோம். காலை காபி 17 மணி நேரத்துக்கு முந்தியது. 50-ல் 5 மில்லிகிராம்தான் மிச்சம். நாலரை மணி டீயில் 14 மில்லிகிராம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எட்டரை மணி எனர்ஜி டிரிங்க் குடித்து இரண்டரை மணி நேரம்தான் ஆகிறது. 75-ல் 53 அப்படியே இருக்கும். மொத்தம் 72 மில்லிகிராம். பதினோரு மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு விளக்கை அணைப்பதற்குச் சமம் இது.

முன்பு சொன்ன அந்த இன்னொரு கோடு இங்கேதான் வருகிறது. ஒரு கிலோ எடைக்கு 1.4 மில்லிகிராம் காஃபின் இருந்தாலே, சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வரத் தாமதமாகலாம், தூங்கும் நேரமும் குறையலாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு சொல்கிறது. படுக்கும் நேரத்தை ஒட்டிக் குடித்தால் இது கூடுதலாகத் தெரியும். இந்த மாணவரின் 45 கிலோவுக்கு அந்த அளவு 63 மில்லிகிராம். எட்டரைக்குக் குடித்த அந்த ஒரு பாட்டிலே அதைத் தாண்டுகிறது. படுக்கும் நேரத்தில் உடம்பில் மிச்சமிருப்பதும் அதற்கு மேல்தான்.

பன்னிரண்டரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு அலாரம் அடித்தால், ஐந்தரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. மறுநாள் முதல் பீரியடிலேயே கண் சொக்கும். சாயங்காலம் ஒரு டீ போதாது, ரெண்டு தேவைப்படும். ராத்திரி பாட்டிலும் தவறாது. இப்படி ஒரு வாரம் போனால், காஃபின் இல்லாமல் படிக்கவே முடியாது என்று அந்தப் பையனே நம்ப ஆரம்பித்துவிடுவான். உண்மையில் அவனுக்குக் குறைவது தூக்கம்.

இதே கணக்கில் அந்த எட்டரை மணி பாட்டிலை மட்டும் எடுத்துவிட்டால்? பதினோரு மணிக்கு மிச்சம் 19 மில்லிகிராம். காலை காபியையோ நாலரை மணி டீயையோ தொடவே வேண்டியதில்லை. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைப்போல எத்தனை மணிக்குக் குடிக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

'எனக்கெல்லாம் காபி குடிச்சாத்தான் தூக்கமே வரும்'

ஒவ்வொரு வீட்டிலும் இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். பழகிய உடம்புக்குக் காஃபினின் தாக்கம் கொஞ்சம் குறையும் என்பது நிஜம். ஆனால், தூக்கம் வந்ததா என்பது ஒரு கேள்வி, அது நல்ல தூக்கமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் காஃபினைப் படுக்கும் நேரத்திலும், மூன்று மணி நேரம் முன்பும், ஆறு மணி நேரம் முன்பும் தனித்தனி நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம் முன்பே குடித்தவர்களுக்கும், கருவி வைத்து அளந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்திருந்தது. ஆனால் அவர்களே எழுதிய தூக்கக் குறிப்பில் அந்த இழப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அதாவது, 'நல்லாத்தான் தூங்கினேன்' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூக்கம் குறைந்திருக்கிறது. 400 என்பது பெரிய அளவுதான், மறுப்பதற்கில்லை. 2023-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு சாதாரண அளவுக்கும் பதில் சொல்கிறது: ஏறக்குறைய 107 மில்லிகிராம் உள்ள ஒரு கப் காபியைக்கூட, தூக்கம் குறையாமல் இருக்க, படுப்பதற்குச் சுமார் 9 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். பதினோரு மணிக்குப் படுப்பவருக்கு அது மதியம் ரெண்டு மணி. 47 மில்லிகிராம் உள்ள ஒரு கப் டீக்கு அப்படி நேரக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை என்பது டீ பிரியர்களுக்கு ஆறுதல்.

இவை பெரியவர்களிடம் எடுத்த அளவுகள். 30 கிலோ பிள்ளைக்கு அதே ஒரு கப், எடைக் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேல்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 30 கிலோ குழந்தையின் எல்லை 90 மில்லிகிராம், பாட்டிலில் 75. அப்படியானால் ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒரு எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா? கூடாது. தூக்கத்துக்கான அந்தக் கோட்டை வைத்தால் 30 கிலோவுக்கு 42 மில்லிகிராம்தான். பாட்டில் அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. அன்றைக்கு அந்தக் குழந்தை வேறு டீயோ கோலாவோ சாக்லேட்டோ தொட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. அது நடக்கிற காரியமா?

இதையெல்லாம் கணக்குப் போடாமலேயே லேபிள் பதில் சொல்லிவிடுகிறது. காஃபின் அதிகம் உள்ள பானம் என்ற குறிப்போடு, குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அதில் இருக்கும். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பதும் இருக்கும். என்ன, பாட்டிலின் பின்பக்கம், மடிப்பை ஒட்டி, பூதக்கண்ணாடி தேடும் எழுத்தில். முன்பக்கத்தில் மின்னலும் பளபள எழுத்தும்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2011-லேயே, குழந்தைகளின், பதின்ம வயதினரின் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. லிதுவேனியா 2014-ல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. லாட்வியா 2016-லும், போலந்து 2024 ஜனவரி முதலும் அதே வழியில் போயின. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ் விற்பனைக்குத் தடை கொண்டுவரும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2025 செப்டம்பரில் முன்வைத்தது. லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டும் பானங்களுக்கு அது பொருந்தும். இந்திய எனர்ஜி டிரிங்குகளின் அளவு அதைப்போல இரண்டு மடங்கு.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவரும் டின்களில் இன்னொரு ஆபத்து உண்டு. இந்தியாவின் 300 மில்லிகிராம் உச்சவரம்பு அங்கே கிடையாது. அமெரிக்காவில் 473 மில்லி டின்னில் 160 மில்லிகிராம் சாதாரணம். ஒரே டின்னில் 300 மில்லிகிராம் உள்ளவையும் விற்கின்றன. அந்த ஒரு டின், நம் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இரண்டு நாள் எல்லையைவிட அதிகம்.

அளவு மீறினால் எப்படித் தெரியும்? குறைப்பது எப்படி?

சின்னப் பிள்ளைகள் 'எனக்குப் படபடப்பா இருக்கு' என்று சொல்லத் தெரியாமல் இருப்பார்கள். கை லேசாக நடுங்குவது, காரணமில்லாத எரிச்சல், வயிற்றைப் புரட்டுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவது, படுத்து ஒரு மணி நேரமாகியும் புரண்டுகொண்டிருப்பது ஆகியவை அடையாளங்கள். நெஞ்சு வலி, இதயம் தாறுமாறாக அடிப்பது, மயக்கம், விடாத வாந்தி, வலிப்பு என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடித்த பாட்டிலையோ டின்னையோ கையோடு எடுத்துப்போனால் எவ்வளவு உள்ளே போனது என்று டாக்டர் கணக்கிட முடியும். இதயக் கோளாறு ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகள் எனர்ஜி டிரிங்க் பக்கமே போகக் கூடாது.

பழகிவிட்ட பிள்ளையிடம் 'நாளையிலிருந்து ஒண்ணும் கிடையாது' என்று ஒரேயடியாக நிறுத்தினால் வேறு ஒரு தொல்லை வரும். கடைசியாகக் காஃபின் எடுத்து 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும். கூடவே சோர்வு, எரிச்சல், படிப்பில் மனம் ஒட்டாமை. முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் இழுக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா கோபப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்தினால், பரீட்சை ஹாலில் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காஃபின் கலந்த தலைவலி மாத்திரை போட்டதும் வலி சட்டென்று போவதற்கும் சில நேரம் இதுதான் காரணம். தலை கேட்டது காஃபினைத்தான்.

அதனால் நிறுத்துவதைப் பரீட்சைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குவது நல்லது. முதலில் ராத்திரி பாட்டில். அது போனதும், சாயங்கால டீயை நாலரைக்குப் பிறகு தள்ளாமல் பார்த்துக்கொள்வது. அதன்பின் தேவைப்பட்டால் காலை டம்ளரில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் இருக்கிற டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். வளர்கிற வயதில், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இது சின்ன விஷயமில்லை.

ராத்திரி படிக்கும்போது ஏதாவது சூடாகக் குடித்தே ஆக வேண்டும் என்றால் சுக்கு மல்லி காபி இருக்கிறது. பெயரில்தான் காபி, காஃபின் துளியும் கிடையாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சில கடைகளில் ருசிக்காக அதிலும் ஒரு ஸ்பூன் காபித்தூளைத் தட்டிவிடுகிறார்கள்.